மூவர் செய்த புராஜெக்ட், ஒருவர் எழுதும் கடிதம்

பல்கலைக்கழகத் துறை ஒன்றுக்கு அரசு நிதியில் ஆராய்ச்சித் திட்டம் கிடைத்ததும், அந்தத் துறையின் இணையப் பக்கத்தில் ஒரு பக்க அறிவிப்பு வெளியாகும். புராஜெக்ட் அசிஸ்டென்ட், ஒரு இடம். முழுக்கத் தற்காலிகமானது. திட்டம் முடியும்போது பணியும் முடிந்துவிடும். தகுதி பி.எஸ்சி. வேதியியல். நேர்காணலுக்கு வர பயணப்படி கிடையாது. தன்விவரக் குறிப்பையும் கவரிங் லெட்டரையும் ஒரே பி.டி.எஃப். கோப்பாக இந்தத் தேதிக்குள் மின்னஞ்சலில் அனுப்பவும். பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும்.

அந்த மே மாதம்தான் கல்லூரியை விட்டு வெளியே வந்த ஒரு மாணவி இதைப் பார்க்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வேலை அனுபவம் இல்லை, கட்டுரை எதுவும் வெளியிட்டதில்லை. காட்டுவதற்கு அவளிடம் இருப்பது கடைசிப் பருவத்தில் செய்த புராஜெக்ட், அதற்காகக் கொடுத்த ஆய்வேடு, அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு ஒரு பக்கக் கடிதம் எழுத வேண்டும். கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும்; அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை மட்டும் இங்கே தமிழில் பார்ப்போம்.

பொதுவாக அவள் என்ன எழுதுவாள் என்பதை முதலில் பார்த்துவிடலாம். சீனியர் ஒருவர் அனுப்பிய மாதிரிக் கடிதத்தில் பெயரை மாற்றினால் இப்படி வரும்: 'தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்ற மிகுந்த ஆர்வமாக உள்ளேன். நான் கடின உழைப்பாளி, விரைவாகக் கற்றுக்கொள்பவள், குழுவாக இயங்கும் திறன் உள்ளவள். என் இறுதியாண்டு ஆய்வேட்டில் நிலத்தடி நீரின் தரத்தை வெற்றிகரமாக ஆய்வு செய்துள்ளேன். வாய்ப்பளித்தால் என் முழுத் திறமையையும் வெளிப்படுத்துவேன்.'

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படிக்கும் பேராசிரியருக்குத் தெரிய வேண்டியதும் எதுவும் இல்லை. அவருக்கு ஆய்வகத்தில் ஒரு கை தேவைப்படுகிறது. இவள் ஒரு கருவியைத் தனியாக இயக்குவாளா, எண்ணில் ஏதோ கோளாறு என்றால் கண்டுபிடிப்பாளா, கண்டுபிடித்ததை மறைக்காமல் சொல்வாளா, பாதியில் விட்டுவிட்டுப் போய்விடுவாளா என்பவைதான் அவருடைய கவலைகள். 'கடின உழைப்பாளி' என்ற சொல் இந்தக் கவலைகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மேலே சொன்ன கடிதத்தில் பயன்படக்கூடிய வாக்கியம் ஆய்வேட்டைப் பற்றியது ஒன்றுதான். அதையும் 'வெற்றிகரமாக' என்ற சொல் மூடிவிட்டது.

ஆய்வேட்டைப் பற்றி எழுதும்போது இன்னொரு தடையும் இருக்கிறது. இளநிலைப் புராஜெக்ட் என்றாலே பேராசிரியர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். நம் கல்லூரிகளில் மூன்று நான்கு பேர் சேர்ந்து ஒரு புராஜெக்ட் செய்வார்கள். அதில் ஒருவர் இருவர்தான் வேலை செய்திருப்பார்கள். மற்றவர்கள் பைண்டிங் போடுவதற்குப் பணம் போட்டிருப்பார்கள். காசு கொடுத்தால் முழுப் புராஜெக்ட்டையும் செய்துகொடுக்கும் புராஜெக்ட் சென்டர்கள் இருப்பதும் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு வகையும் உண்டு. மாதிரிகளை வேறு நிறுவனத்துக்குக் கட்டணம் கட்டி அனுப்பி, வரைபடங்களை வாங்கி ஒட்டிவிட்டு, தன்விவரக் குறிப்பில் 'எஸ்.இ.எம்., எக்ஸ்.ஆர்.டி. தெரியும்' என்று எழுதிக்கொள்வது. நேர்காணலில் மாதிரியை எப்படித் தயார் செய்தீர்கள் என்று கேட்டால் அங்கேயே தெரிந்துவிடும். ஆகவே ஆய்வேட்டை முன்வைக்கும் கடிதம், வேலையில் தன் கை எது என்பதைத்தான் முதலில் காட்ட வேண்டும். முடிவு என்ன வந்தது என்பது அதற்குப் பிறகுதான்.

இப்போது நம் மாணவியின் ஆய்வேட்டுக்குள் போவோம். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கடினப் பாறைப் பகுதி. பாறையில் உள்ள கனிமங்களிலிருந்து ஃபுளூரைடு மெல்லக் கரைந்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் சேரும். அளவு கூடினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும்; பல ஆண்டுகள் குடித்தால் எலும்பையும் பாதிக்கும். ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்ததற்கு இந்த பாதிப்பைக் குறைப்பதும் ஒரு காரணம். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் ஃபுளூரைடு வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 1.5 மில்லிகிராம் வரை விடலாம். மூன்று மாணவிகள் சேர்ந்து, ஓர் ஒன்றியத்தில் 24 ஆழ்துளைக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து ஃபுளூரைடை அளந்தார்கள். நம் மாணவியின் பொறுப்பு அளவீடு.

அந்த அளவீடு எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால்தான், கடிதத்தில் எதை எழுதலாம் என்பது புரியும். ஃபுளூரைடுக்கென்றே ஒரு மின்முனை உண்டு. அதன் முனையில் லாந்தனம் ஃபுளூரைடு படிகம் ஒன்று பதிந்திருக்கும். தண்ணீரில் முக்கினால் ஃபுளூரைடின் அளவுக்கேற்ப ஒரு மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்டில் காட்டும். அந்த எண் நேரடியாக ஃபுளூரைடின் அளவு ஆகாது. அளவு தெரிந்த சில கரைசல்களை முதலில் அளந்து, ஒரு கோடு வரைந்துகொண்டு, அதோடு ஒப்பிட்டுத்தான் கிணற்றுத் தண்ணீரின் அளவைச் சொல்ல வேண்டும். தண்ணீரில் அலுமினியமோ இரும்போ இருந்தால் ஃபுளூரைடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதை விடுவிக்கவும், அமிலத்தன்மையை ஒரே அளவில் வைக்கவும் டிசாப் என்ற கரைசலைச் சேர்ப்பார்கள். அளவு தெரிந்த கரைசலுக்கும் சேர்க்க வேண்டும், கிணற்றுத் தண்ணீருக்கும் சேர்க்க வேண்டும். கண்ணாடிக் குடுவையை ஃபுளூரைடு தாக்கும் என்பதால் பிளாஸ்டிக் பீக்கர்தான்.

மின்னழுத்தமும் அளவும் நேர்விகிதத்தில் போவதில்லை. ஃபுளூரைடு பத்து மடங்கு கூடினால் மின்னழுத்தம் 25 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் இறங்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரே ஒரு மில்லிவோல்ட் நழுவினாலே விடை 4 சதவீதம் தப்பிவிடும். கருவி காலையில் ஒரு மாதிரியும் மதியம் வேறு மாதிரியும் காட்டுவது சாதாரணமாக நடப்பது. அறை சூடேறினாலும், மின்முனையில் அழுக்குப் படிந்தாலும் நழுவும். நழுவியதைக் கருவி தானாகச் சொல்லாது. திரையில் எண் வந்துகொண்டேதான் இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி உண்டு. சில மாதிரிகளுக்கு ஒருமுறை, அளவு தெரிந்த கரைசலைத் திரும்பவும் அளந்து பார்ப்பது. நம் மாணவி எட்டு மாதிரிகளுக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் கரைசலை அளந்தாள். இரண்டாம் நாள் மதியம் அது 1.18 என்று காட்டியது. அதாவது மின்முனை சுமார் 4 மில்லிவோல்ட் நழுவியிருக்கிறது. அதற்கு முந்தைய சரிபார்ப்பில் கரைசல் சரியாக இருந்தது. ஆகவே இடையில் அளந்த எட்டு மாதிரிகளையும் நம்ப முடியாது. அவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் புதிதாகக் கோடு வரைந்து எட்டையும் திரும்ப அளந்தாள். ஒரு கிணறு முதல் நாள் 1.6 காட்டியிருந்தது, இப்போது 1.4. முதல் எண்ணின்படி அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. இரண்டாவதின்படி, வேறு வழியில்லாவிட்டால் குடிக்கலாம்.

ஆய்வேட்டில் இந்தச் சம்பவம் எங்கே இருக்கும்? இருக்காது. ஆய்வேட்டில் அட்டவணையில் 1.4 மட்டும் இருக்கும். வைவாவில்கூட யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மாணவியே அதை ஒரு தொல்லை பிடித்த நாளாக நினைத்து மறந்திருப்பாள். ஆனால் கவரிங் லெட்டரில் முதலில் எடுத்து வைக்க வேண்டியது இதைத்தான் என்பது என் கருத்து. பேராசிரியரின் கவலைகளில் மூன்றுக்கு இந்த ஒரு சம்பவம் பதில் சொல்கிறது. கருவியை அவளே இயக்கியிருக்கிறாள், தப்பு நடந்ததைத் தெரிந்துகொள்ள ஏற்பாடு வைத்திருந்தாள், தப்பென்று தெரிந்ததும் மறைக்காமல் திரும்பச் செய்தாள். புராஜெக்ட் சென்டரில் வாங்கிய ஆய்வேட்டிலிருந்து இப்படி ஒரு பத்தியை யாராலும் எழுத முடியாது.

இனி கடிதம். முதல் பத்தியை இப்படி எழுதலாம்:

'தங்கள் துறை அறிவித்துள்ள புராஜெக்ட் அசிஸ்டென்ட் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். இந்த ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறேன். இறுதிப் பருவத்தில் எங்கள் மூவர் குழு தருமபுரி மாவட்டத்தின் ஓர் ஒன்றியத்தில் 24 ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரில் ஃபுளூரைடை அளந்தது. மின்முனை அளவீடும் அதற்கான கரைசல் தயாரிப்பும் முழுக்க என் வேலை. நீர் மாதிரி எடுத்ததில் பாதி இடங்களுக்கு நானும் போனேன். வரைபடம் தயாரித்தவர் என் குழுவைச் சேர்ந்த இன்னொருவர்.'

கடைசி வாக்கியத்தைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். தான் செய்யாததை எதற்குச் சொல்ல வேண்டும்? சொன்னால்தான் முந்தைய இரண்டு வாக்கியங்களை நம்புவார்கள். எல்லாவற்றையும் நானே செய்தேன் என்று எழுதினால் யாரும் நம்பப் போவதில்லை. எல்லாவற்றையும் 'நாங்கள்' என்று எழுதினால் இவள் என்ன செய்தாள் என்பது தெரியாது. நம் வீடுகளில் 'நான், நான்' என்று பேசுவதைக் கர்வம் என்று சொல்லி வளர்ப்பதால், நன்றாக வேலை செய்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் 'நாங்கள்' என்பதற்குள் ஒளிந்துகொள்கிறார்கள். பங்கைப் பிரித்துச் சொல்வதில் கர்வம் எதுவும் இல்லை. குழுவில் இருந்த மற்ற இருவருக்கும் அதுதான் நியாயம்.

இரண்டாம் பத்திதான் கடிதத்தின் உயிர். அதற்குத்தான் அதிக இடம் தர வேண்டும்:

'எட்டு மாதிரிகளுக்கு ஒருமுறை 1 மில்லிகிராம் திட்டக் கரைசலைத் திரும்ப அளந்து சரிபார்த்தேன். இரண்டாம் நாள் மதியம் அது 1.18 காட்டியது. கடைசிச் சரிபார்ப்புக்குப் பிறகு அளந்த எட்டு மாதிரிகளின் முடிவுகளை ஒதுக்கிவிட்டு, மறுநாள் கருவியை மீண்டும் அளவுதிருத்தம் செய்து அளந்தேன். ஒரு கிணற்றின் அளவு 1.6-இலிருந்து 1.4 ஆகி, அனுமதிக்கப்பட்ட 1.5-க்குக் கீழே வந்தது. மதியத்தில் அறை வெப்பம் கூடியது காரணமாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். மற்ற காரணங்களை நான் தனியாகச் சோதித்துப் பார்க்கவில்லை. அதன் பிறகு கரைசல்களையும் மாதிரிகளையும் ஒரே மேசையில் அரை மணி நேரம் வைத்த பின்பே அளந்தேன். மதியம் ஒருமுறை புதிதாக அளவுதிருத்தமும் செய்தேன். பின்னர் வந்த சரிபார்ப்புகள் 5 சதவீதத்துக்குள் நின்றன.'

இந்தப் பத்தியில் பெருமை பேசும் சொல் ஒன்றுகூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'நுணுக்கமாக', 'திறம்பட' எதுவும் இல்லை. எண்ணும் நடந்ததும் மட்டும்தான். 'மற்ற காரணங்களைச் சோதித்துப் பார்க்கவில்லை' என்ற வாக்கியத்தை எடுத்துவிடலாமே என்று தோன்றும், எடுக்கக் கூடாது. காரணம் வெப்பம்தான் என்று அடித்துச் சொன்னால், நேர்காணலில் முதல் கேள்வி 'எப்படித் தெரியும்?' என்பதாகத்தான் இருக்கும். தனக்குத் தெரிந்தது எதுவரை, ஊகம் எதிலிருந்து என்று பிரித்து எழுதுகிறவளிடம் தரவுகளைப் பயமில்லாமல் ஒப்படைக்கலாம் என்று ஆய்வு செய்து பழகியவர்களுக்குத் தோன்றும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. இப்படி ஒரு சம்பவம் நடக்காதவர்கள் நடந்ததாகக் கற்பனை செய்யக் கூடாது. இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். எந்தத் திட்டக் கரைசல், எத்தனை மில்லிவோல்ட், மறுநாள் சாய்வு எவ்வளவு வந்தது என்று கேட்டால் ஆய்வகக் குறிப்பேட்டைப் புரட்டியவருக்குத்தான் பதில் வரும். சம்பவம் இல்லாத புராஜெக்ட் அபூர்வம். ஒரு மாதிரி கசிந்திருக்கும், ஒரு ரசாயனம் தீர்ந்துபோயிருக்கும், இரண்டு முறை அளந்தது ஒத்துப்போகாமல் இருந்திருக்கும். குறிப்பேட்டை எடுத்து, அடித்துத் திருத்திய பக்கங்களைத் தேடினால் கிடைக்கும். சுத்தமாக எழுதிக் கையெழுத்து வாங்கிய ரெக்கார்டில் அது இருக்காது.

மூன்றாம் பத்தி அறிவிப்போடு பேச வேண்டும். அறிவிப்பில் திட்டத்தின் பெயர் இருக்கும். என்ன வேலை என்று நாலு வரி இருக்கும். நம் மாணவி பார்த்த அறிவிப்பில் கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் மாதந்தோறும் நீர் மாதிரி எடுப்பது, அயனிகளை அளப்பது, தரவுகளைப் பதிந்து வைப்பது என்று இருக்கிறது. கடைசியில் 'அயன் குரோமடோகிராஃபி அனுபவம் விரும்பத்தக்கது' என்று ஒரு வரி. அவள் அந்தக் கருவியைப் பார்த்ததுகூட இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒன்று, அந்த வரியையே காணாதது மாதிரி கடந்துபோவார்கள். இல்லையென்றால் 'அடிப்படை அறிவு உண்டு' என்று மழுப்புவார்கள். 'விரும்பத்தக்கது' என்றால் கட்டாயம் இல்லை என்று பொருள். கட்டாயத் தகுதியைத் தனியாகப் போட்டிருப்பார்கள். ஆகவே நேராகச் சொல்லிவிடலாம்:

'அயன் குரோமடோகிராஃபி கருவியை நான் இயக்கியதில்லை. திட்டக் கரைசல் தயாரிப்பது, அளவுதிருத்தக் கோடு வரைவது, இடையிடையே சரிபார்ப்பது, ஒரே மாதிரியை இருமுறை அளந்து ஒப்பிடுவது ஆகியவற்றை என் ஆய்வேட்டுக்காகத் தொடர்ந்து செய்திருக்கிறேன். எங்கள் 24 கிணறுகளும் ஒரே ஒரு பருவத்தில் அளக்கப்பட்டவை. அதனால் மழைக்கு முன்னும் பின்னும் ஃபுளூரைடு எப்படி மாறுகிறது என்பதை எங்களால் சொல்ல முடியவில்லை. தங்கள் திட்டத்தில் மாதந்தோறும் அளப்பதைப் பார்த்துத்தான் இதற்கு விண்ணப்பிக்க நினைத்தேன்.'

கடைசி இரண்டு வாக்கியங்களில் நடப்பதைப் பாருங்கள். ஆய்வேட்டின் குறையே விண்ணப்பிப்பதற்கான காரணமாகிவிட்டது. 'தங்கள் ஆராய்ச்சியில் எனக்கு மிகுந்த ஈடுபாடு உண்டு' என்று எழுதும் எல்லோரிடமிருந்தும் இது அவளைப் பிரித்துக் காட்டும். சிலர் பேராசிரியரின் கட்டுரைச் சுருக்கத்தை அப்படியே பெயர்த்துக் கடிதத்தில் ஒட்டி, படித்ததாகக் காட்டிக்கொள்வார்கள். அவர் எழுதியதை அவருக்கே திருப்பிச் சொல்வதில் என்ன பயன்? தன் வேலை எங்கே நின்றுபோனது, அவர் வேலை அங்கிருந்து எப்படித் தொடர்கிறது என்று ஒரு வரி சொன்னால் போதும்.

களப்பணி பற்றி இரண்டு வரி தனியாக எழுதலாம். ஆய்வக வேலையை மட்டும் பெரிதாக நினைத்து மாணவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். கிராமத்தில் கிணற்றுக்காரரிடம் பேசி அனுமதி வாங்குவதும், மோட்டாரை ஐந்து நிமிடமாவது ஓடவிட்டு, குழாயில் தேங்கிக் கிடந்த தண்ணீர் போன பிறகு மாதிரி பிடிப்பதும், பாட்டிலின் மேல் அங்கேயே எண் எழுதுவதும் வேலைதான். 'கிணற்றின் ஆழத்தை உரிமையாளர்கள் சொன்னபடி குறித்துக்கொண்டோம், நாங்கள் அளக்கவில்லை. அட்டவணையில் அதைத் தனியாகக் குறிப்பிட்டிருக்கிறோம்' என்று ஒரு வரி போதும். களத்தில் நின்றவள் என்பது தெரிந்துவிடும். கிருஷ்ணகிரிப் பக்கம் பல கிராமங்களில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுவார்கள். இவளுக்குத் தெலுங்கு பேச வரும் என்றால் அதை எழுத வேண்டும். தன்விவரக் குறிப்பின் கடைசியில் 'தெரிந்த மொழிகள்' என்ற இடத்தில் தூங்கும் ஒரு சொல்லுக்கு இந்த வேலையில் மதிப்பு அதிகம்.

நான்காவது கவலை இன்னும் பாக்கி. பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்தால், கருவியைப் பழகிக்கொண்ட மூன்றாவது மாதம் எம்.எஸ்சி. இடம் கிடைத்துப் போய்விடுவார்கள். இல்லையென்றால் வங்கித் தேர்வோ டி.என்.பி.எஸ்.சி.யோ வந்து நிற்கும். திட்டத்துக்கான காலமோ எண்ணி வைத்தது. இதை எந்தப் பேராசிரியரும் வெளிப்படையாக விளம்பரத்தில் போட மாட்டார்; ஆனால் நினைக்காதவர் இருக்க முடியாது. மாணவி மேலே படிக்கத்தான் போகிறாள் என்றால் அதை மறைக்க வேண்டியதில்லை. 'அடுத்த கல்வியாண்டில் எம்.எஸ்சி. சேரத் திட்டமிட்டுள்ளேன், அதுவரை முழு ஆண்டும் பணியாற்ற இயலும். ஜூலை முதல் வாரத்தில் சேர முடியும். தற்காலிகப் பட்டச் சான்றிதழ் வந்துவிட்டது' என்று எழுதலாம். ஓராண்டு போதாது என்று நினைக்கிற பேராசிரியர் இதைப் பார்த்து ஒதுக்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட இடத்தில் மறைத்துச் சேர்ந்து பாதியில் கிளம்பினால், அடுத்து பரிந்துரைக் கடிதம் கேட்க அவரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும்.

பிறகு வழிகாட்டியின் பெயர். ஆய்வேட்டுக்கு வழிகாட்டிய ஆசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லி, அனுமதி வாங்கி, அவர் பெயரையும் மின்னஞ்சலையும் கடிதத்தின் முடிவில் தர வேண்டும். கேட்காமல் கொடுத்துவிட்டால், யாரோ போன் செய்து இந்த மாணவியைப் பற்றிக் கேட்கும்போது எந்த பேட்ச் என்று அவர் யோசிக்க வேண்டியிருக்கும். அந்த நொடித் தயக்கம் போதும், இங்கே எழுதிய எல்லாவற்றையும் கெடுக்க.

மற்றபடி சில்லறை விஷயங்கள்தான். மின்னஞ்சலின் தலைப்பில் அறிவிப்பு எண்ணும் பெயரும் இருக்கட்டும். ஒரே கோப்பாகக் கேட்டால் ஒரே கோப்பாக அனுப்புங்கள். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். வேறொரு பேராசிரியருக்கு எழுதிய கடிதத்தில் பெயரை மாற்ற மறந்து அனுப்புவது ஆண்டுதோறும் நடக்கிறது. அந்தக் கடிதத்தை மேற்கொண்டு யாரும் படிப்பதில்லை. மதிப்பெண் விவரங்கள் தன்விவரக் குறிப்பில் இருப்பதால் கடிதத்தில் திரும்ப எழுதி இடத்தை வீணாக்க வேண்டியதில்லை. 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்ற வாக்கியத்தையும் விட்டுவிடலாம். அறிவிப்பில் கேட்டிருந்தால் மட்டும் எழுதலாம்.

கடிதம் நன்றாக இருந்தால் நேர்காணல் அதிலிருந்துதான் தொடங்கும். 'அந்த 1.18 பற்றிச் சொல்லுங்கள்' என்பார்கள். டிசாப் எதற்கு, கண்ணாடிப் பீக்கர் ஏன் கூடாது, மின்முனையின் சாய்வு 59-க்குப் பதில் 50 வந்தால் என்ன செய்வீர்கள் என்று மேலே மேலே போவார்கள். தனக்குத் தெரிந்த இடத்துக்குத் தேர்வுக் குழுவை அழைத்துவரும் வழி கடிதத்திலேயே இருக்கிறது. பொதுவான கடிதம் எழுதியவரிடம் கேட்க வேறெதுவும் இல்லாததால் பாடத்திட்டம் முழுவதிலிருந்தும் கேட்பார்கள். ஒரே மாணவிக்கு இந்த இரண்டு நேர்காணல்களும் ஒன்றாக இருக்காது.

எழுதி முடித்ததும் அனுப்பிவிட வேண்டாம். கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்பு, புராஜெக்ட்டில் உடனிருந்த தோழிகளில் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைத் திருத்த வேறு யாராவது கிடைப்பார்கள். இவரிடம் கேட்க வேண்டியது வேறு. ஏதாவது ஒரு வரியில் நிறுத்தி, 'இதை நீ செய்யலையேடி' என்று அவர் சொன்னால், வாதாடாமல் அந்த வரியை எடுத்துவிட்டு அனுப்புங்கள்.